பாஸ்புக் வரிகளிலிருந்து ஒரே உறுப்பினர் பேரேடு: புதிதாகச் சேர்ந்த சங்க எழுத்தருக்கு ஒரு வழிகாட்டி

சின்னக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த எழுத்தரிடம் முதல் வாரமே இந்த வேலை வந்து சேர்ந்தது. உறுப்பினர்களின் சேமிப்புக் கணக்கெல்லாம் பாஸ்புக்கிலும் பழைய லெட்ஜர் அட்டைகளிலும் சிதறிக் கிடக்கிறது. அதை ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் உறுப்பினர் பேரேடாகக் கொண்டுவர வேண்டும். "பாஸ்புக்கைப் பார்த்து அப்படியே டைப் பண்ணிடுங்கம்மா, ரெண்டு நாள் வேலைதான்" என்றார் செயலாளர். டைப் செய்வது உண்மையிலேயே சின்ன வேலைதான். டைப் செய்தது சரிதானா என்று கண்டுபிடிப்பதில்தான் நாள் போகும். இந்தக் கட்டுரை அந்த எழுத்தரின் கதை வழியாகவே போகிறது. கதையும் எண்களும் கற்பனை. முறை எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும்.

எந்தப் புத்தகத்தை நம்புவது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாஸ்புக் என்பது உறுப்பினர் கையில் இருக்கும் நகல். பணம் உள்ளே வந்த நாளில் எழுதப்படும் முதல் சான்று ரசீதும் அதன் அடிக்கட்டையும். அன்றைய ரொக்கப் புத்தகத்தில் அந்த ரசீது ஏறும், அங்கிருந்து உறுப்பினரின் லெட்ஜர் அட்டைக்குப் போகும். பாஸ்புக்கில் எழுதுவது இதற்கெல்லாம் பக்கத்தில் நடக்கும் தனி வேலை. உறுப்பினர் புத்தகத்தைக் கொண்டுவர மறந்தால் அந்த வரி அன்று ஏறாது, அடுத்த மாதம் சேர்த்து எழுதப்படும், அல்லது எழுதப்படாமலே போகும்.

அப்படியானால் லெட்ஜர் அட்டையிலிருந்தே பேரேடு போடலாமே என்று தோன்றும். செயலாளரும் ஒரு கட்டத்தில் அதைத்தான் சொன்னார். ஆனால் லெட்ஜர் அட்டை சங்கத்துக்குள்ளேயே இருப்பது. அதில் ஒரு தவறு இருந்தால், அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய முக்கியமான வெளிச் சான்று பாஸ்புக்தான். ஆகவே பாஸ்புக்கிலிருந்து ஏற்றி, லெட்ஜர் அட்டையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ரசீது அடிக்கட்டையையும் ரொக்கப் புத்தகத்தையும் பார்த்து முடிவு செய்வதுதான் பாதுகாப்பான வழி. இவற்றில் எதுவும் தனியாகத் தீர்ப்பு சொல்லிவிடாது.

தொடங்கும் முன்

வெட்டு நாள் ஒன்றை முடிவு செய்யுங்கள். நம் கதையில் அது 2024 ஜூன் 30. அந்த நாள் வரை நடந்த வரவு செலவு மட்டும்தான் இந்த வேலையில் சேரும். ஜூலை மாதத்தில் பாஸ்புக் வாங்கி வைத்திருக்கும்போது புதிதாக நடக்கும் வரவுகள் தனிக் கணக்கு. இந்த நாளைக் குறிக்காமல் ஆரம்பித்தால், ஒருவரின் புத்தகம் ஜூன் வரையிலும் இன்னொருவரின் புத்தகம் ஜூலை வரையிலும் ஏறி நிற்கும். கடைசியில் மொத்தம் எதோடும் சேராது.

பாஸ்புக்கை வாங்கும்போது உறுப்பினருக்கு ஒரு துண்டு ரசீது கொடுங்கள். உறுப்பினர் எண், புத்தகத்தில் கடைசியாக எழுதியிருக்கும் இருப்பு, வாங்கிய தேதி, வாங்கியவர் கையெழுத்து ஆகியவை அதில் இருந்தால் போதும். முடிந்தால் பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு புத்தகத்தை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. யாருடைய பாஸ்புக்கும் அலுவலக மேஜையில் வாரக்கணக்கில் கிடக்கக் கூடாது. அதில் யாராவது ஏதாவது எழுதிவிட்டால் அது எப்போது, யாரால் எழுதப்பட்டது என்பதைப் பின்னால் நிரூபிக்க வழியில்லை.

ஒரு தாள், ஒரு நடவடிக்கைக்கு ஒரு வரி

புதியவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தனித் தாள் திறப்பார்கள். பாஸ்புக் அப்படித்தானே இருக்கிறது, அதனால் வரும் பழக்கம் அது. வேண்டாம். எல்லா உறுப்பினர்களின் எல்லா வரிகளும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கட்டும். ஒருவரின் கணக்கு மட்டும் வேண்டுமென்றால் வடிகட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தனித் தாள்களாகப் பிரித்துவிட்டால் மொத்தம் போடுவதே தனி வேலையாகிவிடும், ஒரு தாளில் மட்டும் சூத்திரம் உடைந்திருந்தால் கண்ணிலும் படாது.

எழுத்தர் தாளுக்கு "பதிவு" என்று பெயர் வைத்து இப்படி நிரல்களை அமைத்தார். A-யில் வரிசை எண், B-யில் உறுப்பினர் எண், C-யில் தேதி, D-யில் விவரம், E-யில் வரவு, F-யில் பற்று, G-யில் பாஸ்புக்கில் எழுதியிருக்கும் இருப்பு, H-இல் எந்தப் பக்கம், எந்த வரி என்பது. இதுவரை உள்ளவை கையால் ஏற்றுபவை. I-யில் தாள் தானே கணக்கிடும் இருப்பு, J-யில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், K-யில் குறிப்பு, L-இல் தேதிச் சோதனை.

G நிரல்தான் இந்த முழு வேலையின் உயிர். "இருப்பை ஏன் டைப் பண்ணணும், அதைத்தான் கம்ப்யூட்டரே போட்டுடுமே" என்று செயலாளர் கேட்டார். கம்ப்யூட்டர் போடும் இருப்பு நாம் டைப் செய்ததன் விளைவு. புத்தகத்தில் இருக்கும் இருப்பு வேறொருவர் வேறொரு நாளில் கூட்டி எழுதியது. இரண்டும் ஒத்துப்போனால் நாம் தொகையைச் சரியாக வாசித்திருக்கிறோம் என்பதற்கும், அவர் சரியாகக் கூட்டியிருக்கிறார் என்பதற்கும் ஒரே நேரத்தில் சான்று கிடைக்கிறது. G-யை விட்டுவிட்டால் அந்தச் சான்று போய்விடும்.

கடன் கணக்கை இந்தத் தாளில் கலக்காதீர்கள். கடனில் பற்று கூடினால் நிலுவை கூடும், சேமிப்பில் அதற்கு நேர்மாறு. ஒரே சூத்திரம் இரண்டுக்கும் ஓடாது. தனித் தாள் போடுங்கள்.

உறுப்பினர் எண்ணும் தேதியும்

இந்த இரண்டு நிரல்களில் தவறு நடந்தால் சத்தமே இல்லாமல் நடக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே பெயரில் இரண்டு பேர் எந்தச் சங்கத்திலும் இருப்பார்கள். எனவே உறுப்பினர் எண்தான் அடையாளம், பெயர் அல்ல. பாஸ்புக்கில் 0047 என்று இருந்தால் ஸ்ப்ரெட்ஷீட் முன்னாலிருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிட்டு 47 ஆக்கிவிடும். நிரலை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு டைப் செய்தால் பூஜ்யம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் சிக்கல் முழுசாகத் தீராது. SUMIFS போன்ற சூத்திரங்கள் 0047-ஐயும் 47-ஐயும் ஒரே எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். பழைய வரிசையில் 0047, புதிய வரிசையில் 47 என்று இரண்டு உறுப்பினர்கள் இருக்கும் சங்கத்தில் இருவரின் பணமும் ஒன்றாகக் கூடிவிடும். எழுத்தர் செய்தது எளிய வழி: எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து. M0047 என்று போட்டுவிட்டால் அது எப்போதும் எழுத்தாகவே நிற்கும்.

தேதியில் வரும் வம்பு வேறு மாதிரி. 09-04-2024 என்று டைப் செய்கிறீர்கள். கணினியின் அமைப்பு மாதத்தை முதலில் வாசிக்கும் விதத்தில் இருந்தால், அது செப்டம்பர் 4 ஆகப் பதிவாகும். எந்த எச்சரிக்கையும் வராது. 21-02-2024 என்று அடுத்த வரியில் டைப் செய்தால், 21-ஆவது மாதம் இல்லையே, அதனால் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. தேதி நிரலில் சில வரிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நின்றால், இடப்பக்கம் நிற்பவை தேதி அல்ல, எழுத்து. அது மட்டுமல்ல, வலப்பக்கம் நிற்பவற்றிலும் பல தலைகீழாக மாறியிருக்கக்கூடும். இந்தக் குழப்பமே வேண்டாமென்றால் 2024-04-09 என்று ஆண்டு முதலில் வரும்படி டைப் செய்யுங்கள்.

L நிரலில் ஒரு சின்னக் காவல் போடலாம். பாஸ்புக்கில் தேதிகள் மேலிருந்து கீழே முன்னோக்கித்தான் போகும் என்பதை இது பயன்படுத்திக்கொள்கிறது:

```
=IF(NOT(ISNUMBER(C2)),"தேதி அல்ல",IF(AND(B2=B1,C2<C1),"வரிசை?",""))
```

முதல் தரவு வரியில் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள். "வரிசை?" என்று வந்தால் தேதி மாறியிருக்கலாம், அல்லது உறுப்பினர் புத்தகம் கொண்டுவராமல் விட்டுப்போன பழைய வரவைப் பின்னால் எழுதியிருக்கலாம். புத்தகத்தைத் திறந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனை வேலை செய்ய ஓர் உறுப்பினரின் வரிகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஒரு பாஸ்புக்கை முழுசாக முடித்த பிறகே அடுத்ததை எடுங்கள்.

டைப் செய்யும்போது திருத்தக் கூடாது

கூட்டல் தப்பாக இருப்பது கண்ணில் பட்டால் கை தானாகவே சரியான எண்ணை டைப் செய்யப் பார்க்கும். அடக்கிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் எது இருக்கிறதோ அதுவே ஏறட்டும், தப்பானாலும். அடித்து எழுதியிருந்தால் கடைசியாகத் தெரியும் எண்ணை ஏற்றி, K-யில் "அடித்தல்" என்று குறியுங்கள். வாசிக்கவே முடியவில்லை என்றால் தொகையைக் காலியாக விட்டு, "வாசிக்க முடியவில்லை" என்று எழுதுங்கள். இருப்பிலிருந்து கழித்துப் பார்த்துத் தொகையை ஊகித்துப் போட்டுவிட்டால் வித்தியாசம் கட்டாயம் பூஜ்யம் காட்டும், ஆனால் அது நீங்களே செய்துவைத்த பூஜ்யம்.

அப்புறம், பக்கம் மாறும் இடம். ஒவ்வொரு புதுப் பக்கத்தின் முதல் வரியிலும் "முன்பக்க இருப்பு" என்று ஒரு தொகை இருக்கும். அது பணம் வந்த வரி அல்ல, மேலே இருந்த இருப்பை மறுபடி எழுதியது மட்டுமே. அதை வரவு நிரலில் ஏற்றினால் உறுப்பினரின் பணம் ஒரே வரியில் இரட்டிப்பாகும். ஆனால் அந்த வரியை ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். E, F இரண்டையும் காலியாக விட்டு, தொகையை G-யில் மட்டும் போடுங்கள். பக்கம் மாற்றி எழுதும்போது எண்ணைத் தப்பாக நகலெடுத்திருந்தால் அந்த வரியிலேயே பிடிபடும். ஒவ்வொரு உறுப்பினரின் முதல் பாஸ்புக்கின் முதல் வரியில் வரும் தொடக்க இருப்பு மட்டும் விலக்கு. அது வரவில் ஏற வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தைய வரிகள் தாளில் இல்லை. அந்தத் தொகை பழைய புத்தகத்தின் கடைசி இருப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகம் தொலைந்திருந்தால் லெட்ஜர் அட்டை.

இனி சூத்திரங்கள். I2-வில்:

```
=SUMIFS(E$2:E2,B$2:B2,B2)-SUMIFS(F$2:F2,B$2:B2,B2)
```

J2-வில்:

```
=IF(G2="","",ROUND(G2-I2,2))
```

முதலாவது, அந்த வரி வரைக்கும் அதே உறுப்பினரின் வரவெல்லாம் கூட்டி, பற்றெல்லாம் கழிக்கிறது. இரண்டாவதில் ROUND எதற்கென்றால், பின்னத் தொகைகள் வரும்போது பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் மிகச் சிறிய தசமம் ஒன்று ஒட்டிக்கொண்டு வடிகட்டலைக் கெடுக்கும்.

M0047-இன் புத்தகம்

இப்போது ஒரு புத்தகத்தை முழுசாகப் பார்க்கலாம். எழுத்தர் ஏற்றிய பின் தாள் காட்டியது இது:

| A | தேதி | விவரம் | வரவு | பற்று | புத்தக இருப்பு | கணக்கிட்ட இருப்பு | வித்தியாசம் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | 2024-01-10 | தொடக்க இருப்பு | 4,200 | | 4,200 | 4,200 | 0 |
| 2 | 2024-01-12 | செலுத்தியது | 500 | | 4,700 | 4,700 | 0 |
| 3 | 2024-02-08 | செலுத்தியது | 500 | | 5,200 | 5,200 | 0 |
| 4 | 2024-02-21 | எடுத்தது | | 1,350 | 3,850 | 3,850 | 0 |
| 5 | 2024-03-11 | செலுத்தியது | 630 | | 4,210 | 4,480 | -270 |
| 6 | 2024-03-11 | முன்பக்க இருப்பு | | | 4,210 | 4,480 | -270 |
| 7 | 2024-04-09 | செலுத்தியது | 500 | | 4,710 | 4,980 | -270 |
| 8 | 2024-05-14 | எடுத்தது | | 800 | 3,910 | 4,180 | -270 |
| 9 | 2024-06-10 | செலுத்தியது | 500 | | 4,410 | 4,680 | -270 |

வித்தியாசம் ஐந்து வரிகளில் தெரிகிறது, ஆனால் தவறு ஐந்து இல்லை. 5-ஆம் வரியில் -270 தோன்றி, அதற்குக் கீழே மாறாமல் அப்படியே ஓடுகிறது. அதாவது தவறு ஒன்றே ஒன்று, அதுவும் 5-ஆம் வரியில். வித்தியாசம் எங்கே முதலில் மாறுகிறதோ அங்கே மட்டும் தேடினால் போதும். இது தெரியாமல் எல்லா வரியையும் மறுபடி சரிபார்க்க உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

270 ஒன்பதால் வகுபடும் எண். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்குதான். 270-ஐ ஒன்பதால் வகுத்தால் 30. இதில் வரும் 3 என்பது இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். 630-இல் 6-க்கும் 3-க்கும் இடையே சரியாக அதே 3. அப்படியானால் 360-தான் 630 ஆகியிருக்கிறது, அல்லது 630-தான் 360 ஆகியிருக்கிறது. ஒரு பூஜ்யம் கூடினாலோ குறைந்தாலோகூட ஒன்பதின் மடங்குதான் வரும்: 500-ஐ 50 என்று ஏற்றினால் வித்தியாசம் 450. இது துப்பு மட்டுமே, நிரூபணம் ஆகாது. 450 தொகையுள்ள ஒரு வரவே விட்டுப்போயிருந்தாலும் ஒன்பதால் வகுபடத்தான் செய்யும்.

முதலில் தான் சரியாக வாசித்தோமா என்று எழுத்தர் புத்தகத்தைத் திறந்தார். புத்தகத்தில் 630 என்றே தெளிவாக இருந்தது. இங்கேதான் புதியவர்கள் ஒரு முடிவுக்குத் தாவிவிடுவார்கள்: தொகை 630, கூட்டல்தான் தப்பு, எனவே உறுப்பினருக்கு 270 கூடுதலாகச் சேர வேண்டும் என்று. எழுத்தர் மார்ச் 11 ரசீது அடிக்கட்டையை எடுத்தார். அதில் 360. அன்றைய ரொக்கப் புத்தகத்திலும் 360. பாஸ்புக்கில் தொகைதான் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. இருப்பை எழுதியவர் லெட்ஜர் அட்டையைப் பார்த்து நகலெடுத்ததால் 4,210 என்று சரியாகவே வந்துவிட்டது.

உறுப்பினரான வயதான அம்மாவிடம் கேட்டபோது, "என்னம்மா, அறுநூத்தி முப்பதா? அந்த மாசம் முன்னூத்தி அறுபதுதான் கட்டினேன், சீட்டு வீட்ல இருக்கு" என்றார். சீட்டையும் கொண்டுவந்து காட்டினார். எல்லோரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள், சீட்டும் எல்லோரிடமும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் அடிக்கட்டையும் ரொக்கப் புத்தகமும் ஒத்துப்போனால் அவற்றை வைத்துச் செயலாளர் முடிவு எடுக்க வேண்டும், எழுத்தர் அல்ல.

திருத்தம் எப்படிப் போடுவது? 5-ஆம் வரியில் 630-ஐ அழித்து 360 என்று மாற்றக் கூடாது. மாற்றினால் தாளும் பாஸ்புக்கும் ஏன் வேறுபடுகின்றன என்று பின்னால் வரும் தணிக்கையாளருக்குப் புரியாது. எழுத்தர் 5-க்குக் கீழே ஒரு வரி செருகி, A-யில் 5.1, B-யில் அதே உறுப்பினர் எண், C-யில் அதே தேதி, D-யில் "திருத்தம்", K-யில் ரசீது எண்ணும் ஒப்புதல் கொடுத்தவர் பெயரும் எழுதினார். தொகையை பற்று நிரலில் 270 என்று போடாமல், வரவு நிரலில் -270 என்று போட்டார். இருப்பு இரண்டு வழியிலும் ஒன்றுதான். ஆனால் பற்றில் போட்டால் அந்த அம்மா 270 எடுத்ததாக ஆண்டுக் கணக்கில் காட்டும், அவர் எடுக்கவில்லை. வரவில் கழித்தால் அவர் செலுத்திய மொத்தமும் சரியாக நிற்கும்.

வரி செருகியதும் I, J, L சூத்திரங்களை மேலிருந்து மறுபடி கீழே இழுத்துவிட வேண்டும். அதன்பிறகு 5-ஆம் வரியில் மட்டும் -270 நிற்கிறது, 6 முதல் 9 வரை பூஜ்யம். 5-இல் அது அப்படியே இருக்கட்டும், தவறு நடந்த இடத்தின் அடையாளம் அது.

கடைசி இருப்பு இப்போது 4,410. லெட்ஜர் அட்டையிலோ 4,494. இந்த 84 ஜூன் 30-இல் ஏறிய வட்டி. அம்மா அதற்குப் பிறகு புத்தகத்தைக் கொண்டுவரவில்லை, அதனால் பாஸ்புக்கில் ஏறவில்லை. வட்டிப் பட்டியலில் அந்த 84 இருக்கிறதா என்று பார்த்து, தாளில் ஒரு வரியாகச் சேர்த்து, G-யைக் காலியாக விட்டு, H-இல் "லெட்ஜர்" என்று மூலத்தைக் குறித்தார். 4,494. முடிந்தது.

வித்தியாசத்தை வாசிக்க இன்னும் இரண்டு அடையாளங்கள் சொல்லிவிடுகிறேன். ஒரு வரியில் வித்தியாசம் திடீரென்று அந்த வரியின் புத்தக இருப்பு அளவுக்கே தாவினால், முன்பக்க இருப்பை வரவில் ஏற்றிவிட்டீர்கள். வித்தியாசம் தோன்றி, சில வரிகளுக்குப் பிறகு தானே மறைந்தால், அப்போதைய எழுத்தரே தவறைக் கவனித்து இருப்பைச் சரிசெய்திருக்கிறார். அதற்குத் திருத்த வரி தேவையில்லை, குறிப்பு போதும்.

பாஸ்புக்கில் இருக்கிறது, சங்கத்தில் இல்லை

M0112-இன் புத்தகத்தில் மே மாதம் 1,000 வரவு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் இருந்தது. லெட்ஜர் அட்டையில் அப்படி ஒரு வரி இல்லை. அன்றைய ரொக்கப் புத்தகத்திலும் இல்லை. அதே எண்ணுக்கு அடுத்த எண், அதே பெயருள்ள வேறு உறுப்பினர் என்று எங்காவது தவறுதலாக ஏறியிருக்கிறதா என்று எழுத்தர் தேடினார். பல நேரம் அங்கேதான் கிடைக்கும். இந்த முறை கிடைக்கவில்லை.

இந்த வகை வரியை மட்டும் எழுத்தர் தீர்த்துவைக்கக் கூடாது. பணம் வாங்கப்பட்டு சங்கத்துக்கு வராமல் போயிருக்கலாம், அல்லது வேறொருவரின் வரியைத் தவறாக இந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கலாம். இரண்டில் எது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. எழுத்தர் அந்தப் பக்கத்தின் போட்டோவை எடுத்துவைத்து, வரியை "நிலுவை" என்ற தனித் தாளில் உறுப்பினர் எண், தேதி, தொகை, பக்கம் ஆகியவற்றோடு எழுதி, செயலாளரிடம் எழுத்துமூலமாகக் கொடுத்தார். பதிவுத் தாளில் அந்த வரியின் இடத்தில் வரவைக் காலியாக விட்டு, புத்தக இருப்பை மட்டும் ஏற்றினார். அதனால் அங்கிருந்து வித்தியாசம் 1,000 என்று ஓடும், ஓடட்டும். முடிவு வரும்வரை அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டிய எண். ஒன்று முக்கியம்: அந்தக் கையெழுத்துக்கு உரியவரிடமே விசாரிக்கும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. செயலாளரின் கையெழுத்தே அதில் இருந்தால் விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போக வேண்டும்.

மொத்தம் சேர வேண்டும்

பாஸ்புக் கிடைக்காத உறுப்பினர்களும் இருப்பார்கள். அவர்களின் வரிகளை லெட்ஜர் அட்டையிலிருந்து ஏற்றி, மூலத்தை H-இல் குறிக்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டால் மொத்தம் ஒருபோதும் சேராது.

பிறகு "உறுப்பினர்" என்று இன்னொரு தாள். A-யில் உறுப்பினர் எண்கள், B-யில் பெயர், F1-இல் வெட்டு நாள், C2-வில்:

```
=SUMIFS('பதிவு'!E:E,'பதிவு'!B:B,A2,'பதிவு'!C:C,"<="&$F$1)-SUMIFS('பதிவு'!F:F,'பதிவு'!B:B,A2,'பதிவு'!C:C,"<="&$F$1)
```

எழுத்தாக நின்றுபோன தேதியுள்ள வரியை இந்தச் சூத்திரம் எண்ணவே எண்ணாது, பிழைச் செய்தியும் தராது. L நிரலில் "தேதி அல்ல" என்று ஒரு வரிகூட இல்லாத பிறகே இதை நம்புங்கள்.

C நிரலின் கூட்டுத்தொகை, சங்கத்தின் பொதுப் பேரேட்டில் வெட்டு நாளன்று உறுப்பினர் சேமிப்புக் கணக்கு காட்டும் இருப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். எழுத்தருக்கு 86,140 வந்தது. பொதுப் பேரேட்டில் 86,940. 800 குறைகிறது.

அவர் முதலில் 800 என்ற தொகையைத் தேடினார், விட்டுப்போன வரவாக இருக்கலாம் என்று. M0047 எடுத்த 800 மட்டும்தான் கிடைத்தது, அது எல்லா இடத்திலும் சரியாகவே ஏறியிருந்தது. அடுத்து அதில் பாதியான 400. ஒரு வரவு தவறி பற்றில் ஏறினால் மொத்தம் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு குறையும், ஏனென்றால் கூட வேண்டியது கூடவில்லை, கழியக் கூடாததும் கழிந்துவிட்டது. பற்று நிரலில் 400 என்று வடிகட்டியதும் ஒரே வரி வந்தது. லெட்ஜர் அட்டையிலிருந்து ஏற்றிய உறுப்பினர், அட்டையில் அது வரவு. பாஸ்புக் வரிகளில் இப்படி நடந்திருந்தால் J அங்கேயே காட்டியிருக்கும். அட்டையிலிருந்து ஏற்றும்போது அவசரத்தில் G-யைக் காலியாக விட்டிருந்தார். அட்டையிலும் இருப்பு நிரல் உண்டு, அதையும் ஏற்றுங்கள்.

மொத்தம் சேர்ந்துவிட்டதால் எல்லாம் சரி என்றும் எண்ணிவிட வேண்டாம். ஒருவரின் 500-ஐ இன்னொருவர் எண்ணில் ஏற்றியிருந்தால் மொத்தம் அசையாது. அதைப் பிடிப்பது ஒவ்வொருவரின் J நிரலும், பிறகு உறுப்பினரின் கண்ணும்தான். அதனால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் வெட்டு நாள் இருப்பைக் குறித்த ஒரு சீட்டுக் கொடுத்து, ஒப்புக்கொண்டால் கையெழுத்தும், இல்லையென்றால் காரணமும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்து வந்தவர்களை உறுப்பினர் தாளில் ஒரு நிரலில் குறித்துக்கொண்டே வரலாம். பெரும்பாலும் வட்டி ஏறாததைத்தான் கேட்பார்கள்.

ஒப்படைக்கும்போது

பாஸ்புக்கில் தப்பான வரியை மேலே எழுதி மறைக்காமல், ஒரே கோடாக அடித்து, சரியான தொகையைப் பக்கத்தில் எழுதி, அதற்கு உரிமையுள்ளவர் தேதியோடு கையெழுத்திட வேண்டும். M0047-இன் புத்தகத்தில் 630 அடிபட்டு 360 ஆனது, ஜூன் 30 வட்டி 84 ஒரு புது வரியாக ஏறி, இருப்பு 4,494 என்று நின்றது.

பதிவுத் தாளை வெட்டு நாள் பெயரில் ஒரு நகல் எடுத்து, பூட்டி, அச்சிட்டு, செயலாளரின் கையெழுத்தோடு கோப்பில் வைத்துவிடுங்கள். ஜூலை 1 முதல் புது வரிகள் தொடரும் தாள் வேறு. அதில் பாஸ்புக்கிலிருந்து ஏற்றக் கூடாது. ஒவ்வொரு நாளும் ரொக்கப் புத்தகத்தை மூடிய பிறகு, ரசீது எண் வரிசையில் ஏற்ற வேண்டும். ரசீது எண்கள் இடைவெளி இல்லாமல் வருகின்றனவா என்று அன்றைக்கே பார்த்துவிட்டால் M0112 போன்ற வரி அடுத்த முறை இவ்வளவு நாள் காத்திருக்காது.